சேறு காட்டும் குழாய்கள்

மேல்நிலைத் தொட்டியைக் கழுவப்போகிறவர் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் டார்ச் விளக்கைக் கையில் எடுக்க வேண்டும். நீர் இறங்கியபின் தரையில் கிடக்கும் சேற்றை, யாரும் மிதித்துக் கலக்குவதற்கு முன், மேலிருந்தே ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அந்தச் சேறு தானாகக் கிடப்பதில்லை. நீர் எங்கே விழுந்தது, எந்தப் பக்கமாக ஓடியது, எங்கே அசையாமல் நின்றது என்று அது தரையில் வரைந்து வைத்திருக்கிறது.

நீர் விழும் இடத்துக்கு நேர்கீழே தரை ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். அதைச் சுற்றிக் கனமான மணல். விலக விலக மணல் மெலிந்து, நொய்யான செம்பழுப்புச் சேறாகும். போர்வெல் நீரில் கரைந்து வரும் இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகிப் படிவதால் வரும் நிறம் அது. வெளியேறும் குழாயின் வாயைச் சுற்றிலும் ஒரு சிறு வட்டம் சுத்தமாக இருக்கும். இந்த இரண்டு சுத்தமான இடங்களும் தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் குழாய் அமைப்பு சரி. இரண்டும் அருகருகே இருந்து, எதிர்மூலையில் மட்டும் சேறு விரற்கடைக் கனத்துக்கு மேல் படிந்திருந்தால், வந்த நீர் வந்த பக்கமே வெளியேறிவிடுகிறது, மறுபாதி நீர் நாள்கணக்கில் அப்படியே தேங்கி நிற்கிறது என்று பொருள். அந்தத் தேக்கத்தில்தான் குளோரின் தீர்ந்துபோகிறது. சுவரில் வழுவழுப்பான பாசிப்படலம் பிடிக்கிறது.

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பரவலாகக் காணும் 30,000 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டத் தொட்டி, உள்விட்டம் 4 மீட்டர், நீர் நிற்கும் உயரம் 2.4 மீட்டர், அதற்கு மேல் கூரை வரை 30 சென்டிமீட்டர் காலியிடம். மோட்டார் நொடிக்கு 6 லிட்டர் ஏற்றுகிறது. காலித் தொட்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும்.

ஏற்றுகுழாய் தொட்டியின் மேற்பகுதியில், நிறைமட்டத்துக்கும் மேலே திறக்க வேண்டும். அதைக் கீழே இறக்கி நீருக்குள் முக்கிவிட்டால் மோட்டாருக்குச் சற்றுச் சுமை குறையும். அந்த ஆசையில்தான் சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கரண்ட் போய், கீழே உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக அடைக்காவிட்டால், ஏற்றிய நீர் வந்த வழியே போர்வெல்லுக்குத் திரும்பிவிடும், குழாயின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை. மாலையில் நிரப்பிய தொட்டி காலையில் பாதியாக இருந்தால் எல்லாரும் கசிவைத் தேடுவார்கள். கசிவு எங்கும் இருக்காது; குழாயின் வாய் நீருக்குள் இருக்கும். காற்றில் திறக்கும் குழாய்க்கு இந்தத் தொல்லையே இல்லை. திரும்பிப் போக வேண்டுமானாலும் அதன் வாயில் காற்றுதான் இருக்கிறது.

வெளியேறும் குழாய் எதிர்ப்பக்கத்தில், தரையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில், வலைமூடியுடன் இருக்க வேண்டும். தரையோடு ஒட்டி வைத்தால் கடைசிச் சொட்டுவரை பயன்படுமே என்று தோன்றும். அப்படி வைத்தால் தொட்டி வற்றும் ஒவ்வொரு முறையும் அடிச்சேறு தெருக்குழாய்க்குப் போகும். நம் தொட்டியில் அந்த 15 சென்டிமீட்டருக்குக் கீழே நிற்பது சுமார் 1,900 லிட்டர். ஊருக்குப் போகாத அந்த நீர் வீண் அல்ல. சேறு கலங்காமல் படிந்து கிடக்க அதுதான் இடம் தருகிறது. கழுவும் நாளில் அதுவே கழுவுநீர்.

இங்கேதான் கழுவும் வரிசை தெளிவாகிறது. முதலில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, தொட்டி நீரை வழக்கம்போல் ஊருக்கே விட்டுவிட வேண்டும். நீர் வெளியேறும் குழாயின் மட்டத்துக்கு இறங்கியதும் அதன் வால்வை இறுக மூட வேண்டும். இதை மறந்தால் தேய்த்த அழுக்கெல்லாம் தெருமுனைக் குழாயில் வரும். உடனே அடிவடிகாலைத் திறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தெளிந்த நீர் முதலில் ஓடிவிடும். சேறு தரையிலேயே தங்கிவிடும். பிறகு அதை அள்ள நீர் இருக்காது. அடிவடிகாலை மூடியே வைத்து, தங்கிய 1,900 லிட்டரிலேயே சுவரை மேலிருந்து கீழாகத் தேய்த்து, அடிச்சேற்றையும் நன்றாகக் கலக்கிவிட்டு, அது கலங்கியிருக்கும்போதே வால்வைத் திறக்க வேண்டும். நீரே சேற்றைச் சுமந்துகொண்டு போய்விடும். கம்பி பிரஷ் வேண்டாம். அது சிமென்ட் பூச்சைக் கீறும், கீறலில் அடுத்த படலம் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

அடிவடிகால், அதாவது வாஷ் அவுட், தரையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு குழியில் இருக்க வேண்டும். தரை முழுவதும் அதை நோக்கிச் சரிய வேண்டும். ஒரு வாளி நீரைத் தொலைமூலையில் ஊற்றினால் சரிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பல தொட்டிகளில் இந்தக் குழாயை வால்வுக்குக் கீழே வழிகுழாயோடு இணைத்து ஒரே குழாயாக இறக்கிவிடுகிறார்கள். செலவு மிச்சம்தான், ஆனால் கீழே நீர் சொட்டினால் எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியாது. தொட்டி நிறையாத நேரத்திலும் சொட்டிக்கொண்டிருந்தால் அது வாஷ் அவுட் வால்வின் கசிவு. இடம் இருந்தால் இரண்டையும் தனித்தனியே இறக்குவதுதான் என் கட்சி. எப்படி இறக்கினாலும் குழாயின் முனை சாக்கடைக்குள் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியும்படி, வடிகாலுக்கு ஒரு சாண் மேலேயே முடிய வேண்டும்.

வழிகுழாயின் அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏற்றுகுழாயில் நீரை மோட்டார் தள்ளுகிறது. வழிகுழாயில் நீரைத் தள்ள யாரும் இல்லை. அதன் வாய்க்கு மேலே எழும் சில சென்டிமீட்டர் நீரின் எடை மட்டுமே தள்ள வேண்டும். நொடிக்கு 6 லிட்டர் வெளியேற, பக்கச்சுவரில் 100 மில்லிமீட்டர் குழாய் இருந்தால் அதன் மையத்துக்கு மேல் நீர் சுமார் 8 சென்டிமீட்டர் எழுந்தால் போதும். 80 மில்லிமீட்டர் குழாயானால் 20 சென்டிமீட்டர் எழ வேண்டும். மிச்சமாகக் கிடந்த 65 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்திவிட்டால் 46 சென்டிமீட்டர் வேண்டும். நமக்கு இருப்பதோ 30 சென்டிமீட்டர் காலியிடம். எனவே நீர் கூரையை முட்டி, ஆள் இறங்கும் மூடியின் ஓரமாகவும் காற்றுக்குழாய் வழியாகவும் பீச்சும். கூரை ஓரத்துக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். வழிகுழாய் ஏற்றுகுழாயைவிட ஒரு அளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். அதில் வால்வு வைக்கவே கூடாது. முனையில் கொசுவலை கட்டாயம்.

காற்றுக்குழாயைப் பலரும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். காலையில் ஊரே குழாயைத் திறக்கும்போது தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் இறங்குகிறதோ அவ்வளவு காற்று மேலே நுழைந்தாக வேண்டும். வலை அடைபட்டு உள்ளே அழுத்தம் வெறும் 10 சென்டிமீட்டர் நீருயரம் அளவுக்குக் குறைந்தால்கூட, 4 மீட்டர் விட்டமுள்ள கூரையின் மேல் வெளிக்காற்று ஒன்றேகால் டன் எடையோடு அழுத்தும். கான்கிரீட் கூரை அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்று வேறு வழி தேடும். மூடியின் இடுக்கில் தூசியையும் மழைநீரையும் உறிஞ்சிக்கொண்டு நுழையும். மெல்லிய இரும்புத் தகட்டுத் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ உட்பக்கமாக ஒடுங்கிவிடும்.

அந்தக் குழாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் மழையும் பறவை எச்சமும் நேரே உள்ளே விழும். கழுத்தை வளைத்து வாயைக் கீழ்நோக்கி வைத்து, கொசு நுழையாத வலை கட்ட வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. 1993இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஆயிரத்து நூறு பேர் அளவே வாழ்ந்த கிடியன் என்ற ஊரில் சால்மோனெல்லா கிருமி பரவி நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். விசாரணை கடைசியில் சுட்டியது ஊர் மேல்நிலைத் தொட்டியை. சரியாக மூடாத மேற்புறம் வழியே பறவைகள் உள்ளே புகுந்திருந்தன. குழாய்களைச் சுத்தம் செய்யவென்று நீரை வேகமாகத் திறந்துவிட்டபோது, தொட்டிக்குள் இருந்த அழுக்கு ஊருக்குள் இறங்கிவிட்டது.

சேறு போனபின் சுவருக்கு மருந்து. தொட்டி முழுவதும் மருந்துநீர் நிரப்பத் தேவையில்லை. லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசலைச் சுவரிலும் தரையிலும் நனையத் தடவி அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் போதும். ப்ளீச்சிங் பவுடரில் கால் பங்கு குளோரின் இருப்பதாகக் கொண்டால், 15 லிட்டர் வாளிக்கு 12 கிராம். பவுடரை வெளியிலேயே கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் கொண்டுபோக வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போனால் அதுவே அடுத்த சேறு. ஆசிட் கலந்த எந்தக் கழுவு திரவமும் இந்தக் குளோரின் கரைசலின் பக்கத்தில் வரவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொல்லும். இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். மோட்டாரின் ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தடவியவர் அந்த அரை மணி நேரமும் வெளியே இருக்க வேண்டும்.

கழுவிய நீரை அடிவடிகாலில் விட்டு, வால்வை மூடி, நிரப்பத் தொடங்கலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 30,000 லிட்டருக்கு 60 கிராம் குளோரின், அதாவது அதே பவுடரில் 240 கிராம். தெளிந்த கரைசலை, ஏற்றுகுழாய் நீர் விழுந்துகொண்டிருக்கும்போதே அது விழும் இடத்தில் ஊற்றினால் நீரே கலக்கிக்கொள்ளும். நிறைந்து அரை மணி கழிந்தபின் திறந்துவிட்டு, தெருவின் கடைசிக் குழாயில் நீர் பிடித்து, சோதனைத் திரவத்தைச் சில துளிகள் விட்டு மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் பிடித்த நீரில் மஞ்சள் தெரிந்து, கடைசிக் குழாயில் தெரியாவிட்டால் குறை தெருக்குழாயில். புதிதாகக் கழுவிய தொட்டியின் அடியிலேயே மறுநாள் நிறம் வரவில்லை என்றால், பவுடர் வீரியம் இழந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு, மீண்டும் மேலே ஏறி, வந்த நீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.