மூன்று ரூபாயின் கணக்கு

கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “நாளை முதல் காபி 18 ரூபாய். இதுவரை 15. ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று தொடங்கியது.

அதன் கீழே கடைக்காரர் கணக்கு எழுதியிருந்தார். ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள். ஒரு கிலோவில் 100 காபி. தூள் கிலோவுக்கு 200 ரூபாய் ஏறியதால் டம்ளருக்கு 2 ரூபாய் கூடுதல். பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. 100 மில்லிக்கு 40 பைசா. மீதி 60 பைசா மாஸ்டர், கிளீனர் சம்பளத்துக்கு. நாளுக்கு 250 காபி ஓடினால் அது 150 ரூபாய்.

பிரேசில், வியட்நாம் வறட்சியால் 2024-இல் காபிக்கொட்டை விலை உலகெங்கும் ஏறியது. அதைச் சமாளிக்க எளிய வழி, சிக்கரியைக் கூட்டுவது. “அதைச் செய்யவில்லை” என்கிறது தாள். சந்தேகமா? குளிர்ந்த நீரில் சிறிது தூளைத் தூவுங்கள். காபித்தூள் பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி நிறம் விட்டபடி அடியில் இறங்கும்.

கடைசி வரி: “டம்ளர் அளவு மாறாது. டிக்காஷனும்தான்.”