பண்டப் பெயரும் பிறமொழிப் பொருளும்: யாழ்ப்பாண உணவுப் பெயர்களை முன்வைத்து ஒரு நோக்கு

பண்டமொன்றுக்குப் பெயரிடுதல் அதனை ஆக்குவோரின் தனியுரிமை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் பெயர் பொதியின் மீது அச்சாகிச் சந்தைக்குச் சென்றபின் அதன் பொருளைத் தீர்மானிப்போர் அதனை வாசிப்போரே ஆவர். யாழ்ப்பாணத்துச் சிற்றுற்பத்தியாளரின் பண்டங்கள் இன்று கொழும்புக்கும், அதற்கப்பால் கனடா, நோர்வே, ஜேர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கும் செல்கின்றன. இந்நிலையில், ஒரு பெயர் பிறமொழியாளர் செவியில் வேண்டாத பொருள் தருமா என்பதை முன்கூட்டியே ஆராயும் முறையை இங்கு நோக்குவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். ஆராயப்பட வேண்டியது தமிழ்ச் சொல் அன்று; அச்சொல் வேற்றெழுத்தில் எடுக்கும் வடிவமே ஆகும். தமிழில் குறிலும் நெடிலும் வெவ்வேறு எழுத்துகள். றோமன் எழுத்தில் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 'பாலு' என்பது நம்மிடையே பாலசிங்கம், பாலசுப்பிரமணியம் போன்ற பெயர்களின் அன்பான குறுக்கம். அதனை றோமன் எழுத்தில் எழுதுங்கால் நெடில் மறைகிறது. சிங்கள வாசகர் அதனைக் குறிலாக வாசிப்பின், நாயைக் குறிக்கும் சொல்லின் அடைவடிவம் பிறக்கிறது. மனிதர் மீது ஏற்றிச் சொன்னால் அது வசவு. தமிழிலிருந்து நேரே சிங்கள எழுத்துக்கு மாற்றினால் இவ்விடர் நேராது. சிங்களத்திலும் நெடிலுக்குத் தனிக்குறி உண்டு. ஆகவே குற்றம் பெயரிலன்று, இடையில் நின்ற ஆங்கில வடிவத்திலேயே உள்ளது. சிங்களப் பெயர்ப்பலகையை ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனைக் கைவிடுவதே இவ்வாராய்ச்சியின் முதற்படி.

இனி ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக நோக்குவோம். பொதியிலடைத்த ஒடியற் கூழ்க் கலவையொன்றை வெளிநாடுகளுக்கு அனுப்பக் கருதுவதாகக் கொள்வோம். பெயர் 'கூழ்'. வழக்கமான றோமன் வடிவம் கே, ஓ, ஓ, எல் என்னும் நான்கெழுத்து. ஆங்கிலம் அறிந்தவர் இதனைக் 'குளிர்ந்தது' என்ற பொருளுடைய சொல்லாகக் கேட்பர். ஒடியல் மாவும் மீனும் நண்டும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கப் பருகும் உணவுக்கு இது நேர் எதிரான குறிப்பு. ஒல்லாந்த மொழியிலோ இந்நான்கெழுத்தும் அப்படியே கோவாவைக் குறிக்கும் சொல். கரி என்ற பொருளும் அதற்குண்டு. ஜேர்மன் மொழியிலும் இரட்டை 'ஓ' நெடில் ஓகாரமாகவே ஒலிப்பதால், அங்குள்ளவர் செவியிலும் கோவாவே தோன்றும். இவற்றோடு, 1933இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமான மென்தோல் சிகரெற் ஒன்றும் இதே எழுத்துகளையே பெயராகக் கொண்டது. அது பொருள் பற்றிய சிக்கலன்று, வணிகக்குறி பற்றியது. எனவே வேறாக விசாரிக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் ஆபாசமன்று, வசையுமன்று. ஆகவே பெயரைக் கைவிட வேண்டியதில்லை. 'ஒடியற் கூழ்' என இரு சொல்லாக்கித் தமிழெழுத்தைப் பெரிதாக இட்டு, அதன்கீழ் 'காரமான மீன் கூழ்' என்ற விளக்கத்தை அவ்வந்நாட்டு மொழியில் சேர்த்தால் கோவாவும் குளிரும் நீங்கும். 'ஒடியல்' என்பதன் முற்பகுதி இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் வெறுப்பைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டக்கூடும் என்பதும் பதிவு செய்யப்பட வேண்டும். ஆயினும் அம்மொழிகள் வழங்கும் நாடுகள் நமது முதற்சந்தையல்ல. ஒலியும் முழுதாகப் பொருந்தவில்லை. சந்தையின் அளவுக்கேற்பவே கண்டுபிடிப்பின் எடையும் அமையும்.

ஆனால் சிரிப்பை எழுப்பாத பெயரே சில வேளைகளில் கூடிய தீங்கைத் தரும். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி உலர்த்திப் பெறும் பினாட்டு இதற்குத் தக்க சான்று. றோமன் எழுத்தில் இது கச்சானைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், அதனையொத்த நோர்வேச் சொல்லையும் நெருங்கி நிற்கிறது. கச்சான் ஒவ்வாமை சிலருக்கு உயிராபத்தாகும். ஒவ்வாமை உடையவர் காரணமின்றி அஞ்சி ஒதுங்குவார். கச்சானை விரும்புபவர் ஏமாந்து வாங்குவார். இங்கு எழுத்து மாற்றம் போதாது. 'உலர்த்திய பனம்பழக் களி' என்ற விளக்கம் பெயரளவு பெரிய எழுத்தில் இருத்தல் அவசியம்.

இத்தகைய பொருள்களை அகராதியில் மட்டும் தேடுதல் பயன் தராது. 1982இல் யப்பானிய நிறுவனமான மிற்சுபிஷி தனது வாகனத்துக்குப் 'பஜேறோ' எனப் பெயரிட்டது. தென்னமெரிக்கக் காட்டுப்பூனையொன்றின் விலங்கியற் பெயரிலிருந்து எடுக்கப்பட்டமையால் அது ஏட்டளவில் குற்றமற்றது. எனினும் ஸ்பானியத் தெருவழக்கில் அது இழிசொல். ஆதலால் அம்மொழி வழங்கும் நாடுகளில் அவ்வாகனம் 'மொன்ரேறோ' ஆயிற்று. ஏடு கூறாததை மக்கள் வாய்மொழியே கூறும்.

வினவும் முறையிலும் கவனம் வேண்டும். அம்மொழியில் வளர்ந்து, பண்டத்தை அறியாத ஒருவரிடம் வெற்றட்டையில் எழுதிய பெயரை மட்டும் காட்டி, உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். அடுத்து, அது எதனை நினைவூட்டுகிறது என்று கேட்க வேண்டும். தீய பொருள் உண்டா என்ற வினா இறுதியிலேயே வர வேண்டும், 'பெயர் நன்றா?' என்று தொடங்கினால் மரியாதையான விடையே கிடைக்கும். பின்னர் வேறொருவருக்குப் பெயரைத் தொலைபேசியிற் சொல்லி, அவர் எவ்வாறு எழுதுகிறார் என்றும் நோக்க வேண்டும். ஒஸ்லோவிலும் பாரிஸிலும் பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் அங்குள்ள இளையோர் வழக்கை நன்கறிவர். ஆயினும் தமிழ்ப் பொருள் அவர் செவியில் முந்திக்கொள்வதால், தமிழறியாத ஒருவரையும் வினவுதல் வேண்டும். முதியோர், இளையோர் என இரு தலைமுறையினரிடம் கேட்பதும் இன்றியமையாதது.

பிறமொழி என்பதற்குள் நமது மொழியின் மறுகரையும் அடங்கும். யாழ்ப்பாணத்தில் 'சரக்கு' என்பது மல்லி, மிளகு, சீரகம் முதலியவற்றைச் சுட்டும். பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக் கறி ஆக்குதல் நம் வழக்கம். தமிழகப் பேச்சிலோ அச்சொல் மதுவையும், பெண்களை இழித்துரைக்கும் பொருளையும் பெற்றுள்ளது. சரக்குத்தூள் என்ற பெயருடன் சென்னைக்குச் செல்லும் பொதி அங்கு நகைப்புக்கிடமாகும். தமிழ்ப் பெயர் தமிழருக்கு விளங்கும் என்ற எண்ணத்தால் இச்சந்தை ஆராயப்படாமலே விடப்படுகிறது.

இம்முறைக்கு எல்லைகளும் உள. 'நோவா' என்னும் அமெரிக்கக் கார் 'ஓடாது' எனப் பொருள்பட்டதால் ஸ்பானிய நாடுகளில் விற்கவில்லை என்பது பலரும் எடுத்தாளும் கதை. உண்மையில் அது மெக்சிக்கோவிலும் வெனிசுவேலாவிலும் விற்பனையாயிற்று. மெக்சிக்கோ அரச நிறுவனம் அதே பெயரில் பெற்றோலும் விற்றது. எழுத்தொற்றுமை மட்டும் காட்டும் எல்லாப் பொருளும் மக்கள் மனத்தில் எழுவதில்லை. மறுபுறம், 2015 டிசம்பரில் டாட்டா நிறுவனம் 'ஸிக்கா' எனப் பெயரிட்டு வெளிப்படுத்திய கார், ஸிக்கா வைரசுப் பரவலையடுத்து 2016 பெப்ரவரியில் 'தியாகோ' எனப் பெயர் மாற்றப்பட்டது. எந்த வினாக்கொத்தும் வருங்காலத்தை வினவ இயலாது.

பெருநிறுவனம் பெயரை மாற்றியும் நிலைத்து நிற்கும். வீட்டு முற்றத்தில் பினாட்டு உலர்த்தும் பெண்களின் கூட்டுறவுக்கு, அச்சடித்த உறைகளை எரித்துவிட்டு மீண்டும் அச்சிடுதல் ஒரு பருவத்து வருமானத்தை விழுங்கும். அவர்களுக்கு இவ்வாராய்ச்சியின் செலவு சில அட்டைகளும் சில தொலைபேசி அழைப்புகளுமே. அதன் முடிவு தமிழ்ப் பெயரை விலக்குவதாகவும் இருக்க வேண்டியதில்லை. மேலே கண்டவற்றுட் பெரும்பாலானவை எழுத்தை மாற்றியும் விளக்கம் சேர்த்தும் தீர்க்கத்தக்கவை. பெயரையே மாற்ற வேண்டிய இடம், அது கேட்போரை வசைபாடும் இடமும் வாங்குவோரை ஏமாற்றும் இடமும் மட்டுமே ஆகும்.