இருபது லட்சம் ஃபைல்கள், ஒரே பட்டியல்

நம் கணினி, நம் கையில்: தொடர்

விண்டோஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் தேடல் பெட்டியில் பெயரை அடித்துவிட்டு, பச்சைக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதவர்கள் குறைவு. அந்த நேரத்தில் கணினி என்ன செய்கிறது? ஒவ்வொரு ஃபோல்டராகத் திறக்கிறது, உள்ளே இருக்கும் பெயர்களைப் படிக்கிறது, அதற்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதையும் திறக்கிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் ஒவ்வொரு தாவலுக்கும் அதன் முள் இடம் மாற வேண்டும். ஒரு மாற்றத்துக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போனாலும், ஐம்பதாயிரம் ஃபோல்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

விண்டோஸுக்குத் தானாகவே ஓர் அட்டவணை போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அது பெயரோடு நிற்பதில்லை, உள்ளடக்கத்தையும் படிக்கிறது. வழக்கமான அமைப்பில் குறிப்பிட்ட சில ஃபோல்டர்களை மட்டுமே சேர்க்கிறது. நான்கு லட்சத்தைத் தாண்டினால் வேகம் குறையலாம், பத்து லட்சத்துக்கு மேல் தாங்காமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

மதுரைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் இதற்கு மாற்றாக ஒரு தேடல் ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தேன். இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கல்யாணத்துக்கு ஐயாயிரம் ஷாட் என்றால், ரா ஃபைலும் ஜேபெக்கும் சேர்த்து பத்தாயிரம் ஃபைல். இப்படி வருடக்கணக்கில் சேர்ந்தது உள் டிஸ்க்கில் சுமார் 14 லட்சம், நெட்வொர்க்கில் இருக்கும் நாஸ் பெட்டியில் 6 லட்சம். இவை போக, அலமாரியில் ஒரு வரிசை எக்ஸ்டெர்னல் டிஸ்க். "ஏழு வருசத்துக்கு முன்னாடி எடுத்த ஆல்பம் வேணும்" என்று யாராவது வந்து நின்றால் அன்றைக்கு ஒருவர் வேலை போச்சு.

இதற்கு நான் எடுத்தது எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள். voidtools.com தளத்தில் கிடைக்கும், அளவில் மிகச் சிறியது. அது எப்படி இவ்வளவு சீக்கிரம் தேடுகிறது என்பது தெரிந்தால், எங்கே தடுமாறும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

விண்டோஸ் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டவை. அதில் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று ஒன்று உண்டு. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் அதில் ஒரு பதிவு, பொதுவாக ஒரு கிலோபைட் அளவில். ஃபைலின் பெயர், அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற எண், தேதி, அளவு எல்லாம் அதில் இருக்கும். ஊரில் எந்த நிலம் யாருடையது என்று அறிய வயல் வயலாக நடக்க வேண்டியதில்லை, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேட்டைப் புரட்டினால் போதும். எவ்ரிதிங் செய்வதும் அதுதான். ஃபோல்டர்களைத் தொடுவதே இல்லை, டேபிளை மட்டும் தலையிலிருந்து கால்வரை ஒரே மூச்சில் படிக்கிறது.

உங்கள் டேபிள் எவ்வளவு பெரியது என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடியுங்கள்:

```
fsutil fsinfo ntfsinfo D:
```

வரும் வரிகளில் `Mft Valid Data Length` என்பதைத் தேடுங்கள். ஸ்டூடியோ டிஸ்க்கில் அது ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. 14 லட்சம் ஃபைலுக்கு, ஒன்றுக்கு ஒரு கிலோபைட் என்றால் கணக்கு சரியாக வருகிறது. எட்டு டெராபைட் டிஸ்க்கில் நாம் படிக்க வேண்டியது இந்த ஒன்றரை ஜிபி மட்டுமே. பத்து லட்சம் ஃபைலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும் என்பது மென்பொருளைச் செய்தவர்களே சொல்லும் கணக்கு.

படித்து முடித்ததும் பெயர்களை எல்லாம் ராமில் வைத்துக்கொள்கிறது. பத்து லட்சம் ஃபைலுக்கு 75 எம்பி ராம் போதும். இருபது லட்சம் என்றாலும் இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல, ஒரு பிரவுசர் டேப் இதைவிட அதிகம் தின்னும். நீங்கள் ஓர் எழுத்து அடித்ததும் அந்தப் பட்டியல் முழுக்க ஓடிப் பார்க்கிறது. இதில் பெரிய மாயம் ஏதும் இல்லை. பெயர் ஒன்றுக்கு இருபது எழுத்து என்று வைத்தால் மொத்தம் 40 எம்பி. ராமில் உள்ள 40 எம்பியை ஒருமுறை முழுதாகப் படிக்க இன்றைய கணினிக்கு ஒரு நொடியில் சிறு பகுதியே போதும். தேடும்போது டிஸ்க் பக்கமே போகாததுதான் இந்த வேகத்துக்குக் காரணம்.

சரி, இன்று போட்ட பட்டியல் நாளைக்கு உதவுமா? அங்கேதான் யுஎஸ்என் ஜர்னல் வருகிறது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் ஒரு ஃபைல் பிறந்தாலும், பெயர் மாறினாலும், அழிந்தாலும் விண்டோஸ் அதை ஜர்னலில் ஒரு வரியாக எழுதுகிறது. எவ்ரிதிங் அந்த வரிகளைப் படித்து பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு ஃபைலைச் சேமித்த கையோடு தேடினாலும் அது வந்து நிற்பது இதனால்தான்.

ஆனால் ஜர்னலுக்கு ஓர் அளவு உண்டு. எவ்ரிதிங் வழக்கமாக வைக்கும் உச்ச அளவு 32 எம்பி. வரி ஒன்றுக்கு நூறு பைட் என்றால் மூன்று லட்சம் வரிகள் பிடிக்கும். ஒரு ஃபைலைக் காப்பி செய்வதற்கே பல வரிகள் விழும் என்பதால் ஒரு கல்யாணத்தை இறக்கினால் நாற்பது, ஐம்பது ஆயிரம் வரிகள் போய்விடும். மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் கவலை இல்லை, வரிகள் வர வர படித்துவிடும். முகூர்த்த மாதத்தில் இரண்டு வாரம் அதை மூடி வைத்திருந்தால் பழைய வரிகள் அழிந்து, புதியவை வந்திருக்கும். அப்போது விட்டுப்போனதைப் பிடிக்க வழி இல்லாமல் டேபிளை முதலிலிருந்து படிக்கும். திறந்ததும் பட்டியல் உடனே வராமல் நிமிடக்கணக்கில் காக்க வைத்தால் இதுதான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் `Tools > Options > General` பகுதியில், கணினியோடு சேர்ந்து தொடங்கும் வசதியை டிக் செய்துவிடுங்கள். அதே இடத்தில் `Everything Service` என்பதையும் டிக் செய்யுங்கள். டேபிளை நேரடியாகப் படிக்க அட்மின் உரிமை வேண்டும், சர்வீஸ் இருந்தால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுத் தொல்லை செய்யாது.

அடுத்து, குப்பையை வெளியே தள்ளுவது. ஸ்டூடியோக்காரர்கள் லைட்ரூம் பயன்படுத்துவார்கள். அது `Previews.lrdata` என்று முடியும் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் சின்னச் சின்ன முன்னோட்ட ஃபைல்களைக் குவிக்கும். பட்டியலில் யாரும் தேடாத பெயர்கள் இவை. `Options > Indexes > Exclude` பகுதிக்குப் போய், விலக்க வேண்டிய ஃபோல்டர் என்ற இடத்தில் `*.lrdata` என்று சேர்த்தால் போதும். ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே அடியில் காணாமல் போய்விடும்.

நாஸ் பெட்டியில்தான் நிஜமான சிக்கல். நெட்வொர்க் வழியே பார்க்கும் டிஸ்க்கின் மாஸ்டர் ஃபைல் டேபிளை நம் கணினியால் படிக்க முடியாது. பெட்டிக்குள் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடும், என்டிஎஃப்எஸ்ஸே இருக்காது. எக்ஸ்ஃபாட் ஃபார்மட்டில் இருக்கும் பென் டிரைவுக்கும் இதே கதி. இவற்றை `Indexes > Folders` பகுதியில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அப்போது எவ்ரிதிங்கும் வேறு வழியின்றி ஃபோல்டர் ஃபோல்டராக நடக்கும். அந்த நடையை வேலை இல்லாத நேரத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு என்று வைத்தேன், அந்தக் கணினி இரவிலும் ஓடுவதால். தேடல் அப்போதும் கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் பகலில் நாஸில் நடந்த மாற்றம் மறுநாள்தான் பட்டியலில் ஏறும். பெயர் வருகிறது, திறந்தால் ஃபைல் இல்லை என்கிறது என்றால், அது விடியற்காலையில் பட்டியலில் ஏறி, பகலில் அழிக்கப்பட்டது என்று அர்த்தம். அவசரம் என்றால் அதே பக்கத்தில் உள்ள ரீஸ்கேன் பொத்தானை அழுத்தலாம்.

அலமாரி டிஸ்க்குகளுக்கு இதைவிட எளிய வழி. ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒருமுறை செருகி, `Tools` மெனுவில் உள்ள ஃபைல் லிஸ்ட் எடிட்டரால் ஒரு பட்டியல் ஃபைல் செய்துகொண்டோம். அதன் பின்னொட்டு `.efu`, உள்ளே இருப்பது வெறும் எழுத்து வரிகள்:

```
Filename,Size,Date Modified,Date Created,Attributes
```

வெறும் எழுத்து என்பதால் நோட்பேடில் திறந்து, எல்லா வரியிலும் `F:\` என்பதை `DISK17\` என்று மாற்றிவிட்டோம். இதை `Indexes > File Lists` பகுதியில் சேர்த்தால், டிஸ்க்கை அலமாரியை விட்டு எடுக்காமலேயே "இது பதினேழாம் நம்பர் டிஸ்க்கில் இருக்கிறது" என்று தெரிந்துவிடும். டிஸ்க்கின் மேல் அதே நம்பரை ஸ்டிக்கரில் ஒட்டினார்கள். டிஸ்க்கில் புதிதாக ஏதாவது ஏற்றினால் பட்டியலைத் திரும்பவும் போட வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

இனி தேடிப் பார்ப்போம். கேட்டது 2017-இல் மீனாட்சி என்ற பெண்ணின் கல்யாணத்தில் எடுத்த ரா ஃபைல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபைலின் பெயர் `DSC_4821.NEF` என்று கேமரா கொடுத்ததுதான், பெண்ணின் பெயர் இருப்பது ஃபோல்டரில். வெறும் பெயரை அடித்தால் ஃபோல்டர் மட்டுமே சிக்கும். `path:` சேர்த்தால் முழுப் பாதையிலும் தேடும்:

```
path:meenakshi ext:nef;cr2;arw dm:2017
```

டேபிளில் முழுப் பாதை எழுதப்பட்டிருக்காது, தாய் ஃபோல்டரின் எண் மட்டுமே இருக்கும். ஏணிப்படியாக மேலே ஏறிப் பாதையைக் கட்ட வேண்டியிருப்பதால் இந்தத் தேடல் சற்றே தாமதம், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய வில்லன் எழுத்துக்கூட்டல். ஒருவர் `Meenakshi` என்று அடித்திருப்பார், இன்னொருவர் `Minatchi` என்று. அதற்கு ரெகெக்ஸ்:

```
regex:"m(ee|i)na(ksh|tch)i"
```

இடையில் வரும் நேர்கோட்டுக்காக மேற்கோள் குறி அவசியம். விட்டால் அந்தக் கோட்டை எவ்ரிதிங் தன் 'அல்லது' குறியாக எடுத்துக்கொண்டு வரியை இரண்டாக உடைத்துவிடும்.

தமிழிலேயே பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, டிஸ்க்கில் வேறு வேறு. பழைய மேக் கணினிகளின் டிஸ்க்குகள் பெயரை இரண்டாவது விதமாகவே வைக்கும். 'கோயில்' என்று தேடி, இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஃபைல் வராவிட்டால், `regex:க.*யில்` என்று அடித்துப் பாருங்கள். இரண்டு விதமும் சிக்கும்.

அமைத்து முடித்துக் காட்டியபோது ஸ்டூடியோ உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல. "தம்பி, இதுல வேலைக்கு வர்ற பசங்களுக்கும் எல்லாம் தெரியுமா?"

"ஃபைலைத் திறக்க முடியாதுண்ணே. பேரு தெரியும்."

"பேரு தெரிஞ்சாலே வினைதான். என் கணக்கு வழக்கு எல்லாம் அதுலதான் கிடக்கு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எவ்ரிதிங் டேபிளை நேரடியாகப் படிப்பதால், யாருக்கு எந்த ஃபோல்டரைத் திறக்க உரிமை என்று விண்டோஸ் வைத்திருக்கும் கணக்கு அதற்குப் பொருட்டல்ல. அந்தக் கணினியில் உட்காரும் எவருக்கும் எல்லாப் பெயர்களும் தெரியும். `Exclude` பகுதியில் அவருடைய கணக்கு ஃபோல்டரையும் சேர்த்தோம். இனி அவர் தேடினாலும் அது வராது. "வராட்டி என்ன, எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே" என்றார்.

ஃபைலின் பெயரே மறந்துபோய், உள்ளே இருக்கும் ஒரு வரி மட்டும் நினைவில் இருந்தால் என்ன செய்வது? எவ்ரிதிங்கில் `content:` என்று ஒன்று உண்டு, ஆனால் அது தேடும் நேரத்தில்தான் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து படிக்கும். இருபது லட்சத்தில் அதைத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்வரலாம். அதற்கான அட்டவணை அடுத்த வாரம்.

(தொடரும்)