கடை வாசலில் ஒரு சீன அறிவிப்பு: வாசிக்கும் முன் எந்த எழுத்து என்று பாருங்கள்

சீனாவின் சுப்பர் மார்க்கெட்டுகளில் எடுக்கப்பட்ட சில புகைப்படங்கள் 2000களில் இணையத்தில் நிறையப் பகிரப்பட்டன. உலர்ந்த காளான், பருப்பு, கருவாடு போன்றவை அடுக்கப்பட்ட பகுதி. அதற்கு மேலே ஒரு பலகை. பலகையில் சீனத்தில் 干货 என்று இரண்டு எழுத்துக்கள், பொருள்: 'உலர் பொருட்கள்'. அதன் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு. அந்த மொழிபெயர்ப்பில் இருந்ததோ, இங்கே எழுத முடியாத கெட்ட வார்த்தை.

படத்தைப் பார்த்தவர்கள் யாரோ குறும்புக்காரர் செய்த வேலை என்று நினைத்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பேராசிரியர் விக்டர் மேர் 2007இல் இதன் காரணத்தை விரிவாக எழுதினார். குறும்பு எதுவும் இல்லை. கடைக்காரர் சீனச் சொல்லை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டார், வந்த விடையை அப்படியே அச்சடித்தார். மென்பொருள் தடுக்கி விழுந்த இடம் 干 என்ற ஒரே ஒரு எழுத்து.

அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சீன மொழிக்கு இன்று இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது மரபு வடிவம். எழுத்தறிவைப் பரப்புவதற்காகச் சீன அரசு 1956இல் கோடுகளைக் குறைத்த எளிய வடிவங்களை அறிவித்தது. 1964இல் வெளியான முழுப் பட்டியலில் 2,200க்கும் மேற்பட்ட எழுத்துக்கள் இருந்தன. சிங்கப்பூரும் பின்னர் மலேசியாவும் இந்த எளிய வடிவத்தை ஏற்றன. தாய்வான், ஹொங்கொங், மக்காவோ ஆகியன மரபு வடிவத்திலேயே நின்றன. இவை இரண்டு மொழிகள் அல்ல. ஒரே மொழியை எழுதும் இரண்டு முறைகள்.

கோடுகளைக் குறைத்ததோடு நின்றிருந்தால் குழப்பம் சிறியதாக இருந்திருக்கும். ஆனால் பல இடங்களில் இரண்டு மூன்று எழுத்துக்களை ஒன்றாக்கிவிட்டார்கள். மரபு வடிவத்தில் 'உலர்ந்த' என்பதற்கு 乾. 'செய்தல்' என்பதற்கு 幹. 'தலையிடுதல்' என்பதற்கு 干. எளிய வடிவத்தில் மூன்றுக்கும் 干 மட்டுமே. இதில் 'செய்தல்' என்ற சொல் பேச்சு வழக்கில் கொச்சையாக உடலுறவையும் குறிக்கும். மென்பொருள் 'உலர்ந்த' என்பதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. பலகை 乾貨 என்று மரபு வடிவத்தில் இருந்திருந்தால் இந்தத் தவறுக்கே இடமில்லை. அங்கே 'உலர்ந்த' என்பதற்குத் தனி எழுத்து இருக்கிறது.

நம் ஓலைச்சுவடிகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ஏட்டில் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்பதை வாசிப்பவர் சொல்லின் இடம் பார்த்தே முடிவு செய்தார். சீனரும் அப்படித்தான் 干 என்பதை வாசிக்கிறார். பக்கத்தில் 货, அதாவது 'பொருள்', இருப்பதைக் கண்டதும் அவருக்கு ஐயம் வருவதில்லை. தடுமாறுவது ஒவ்வொரு எழுத்தாக அகராதியில் தேடும் வெளியாரும் இயந்திரமும்தான். எனவே எளிய வடிவத்தில் உள்ள அறிவிப்பை எழுத்தெழுத்தாகத் தேடக்கூடாது. இரண்டு மூன்று எழுத்துக்கள் சேர்ந்த சொல்லாகத் தேட வேண்டும்.

மரபு வடிவத்தில் வேறு வகையான சிக்கல் இருக்கிறது. அங்கே எழுத்துக்கள் தனித்தனி, ஆனால் கோடுகள் நெருக்கமானவை. தூரத்தில் இருந்து எடுத்து, வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த படத்தில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கடை வாசலில் அதிகம் தேவைப்படும் இரண்டு எழுத்துக்களையே பாருங்கள். 'திற' என்பதற்கு 開. 'மூடு' என்பதற்கு 閉. இரண்டுக்கும் வெளிக்கூடு ஒன்றுதான், இரட்டைக் கதவு போன்ற 門. வேறுபாடு முழுவதும் கதவுக்குள்ளே இருக்கும் மூன்று நான்கு கோடுகளில். மங்கிய படத்தில் கடை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே மாறிப்போகலாம். எளிய வடிவத்தில் இந்த ஆபத்துக் குறைவு. அங்கே 'திற' என்பது 开, கதவே இல்லை. 'மூடு' என்பது 闭, கதவு இருக்கிறது. மரபு வடிவில் ஐயம் வந்தால் பக்கத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். 11:00 என்பதற்கு அருகில் இருப்பது 'திற' ஆகவும், 22:00 என்பதற்கு அருகில் இருப்பது 'மூடு' ஆகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படத்தில் உள்ள எழுத்தை எடுத்துத்தரும் மென்பொருட்களும் இங்கேதான் வழுக்குகின்றன. பலவற்றில் எந்த வடிவம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்டில் எளிய வடிவத்துக்கு chi_sim, மரபு வடிவத்துக்கு chi_tra என்று கொடுக்க வேண்டும். தவறான வடிவத்தைத் தேர்ந்தால் மென்பொருள் 'தெரியவில்லை' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்தவற்றில் உருவத்தால் நெருங்கிய எழுத்தைப் போட்டுவிடும். வெளியே வருவது சீனம் போலவே இருக்கும், பொருள்தான் வேறு. ஐயம் இருந்தால் இரண்டு வடிவத்திலும் ஓடவிட்டு, விடைகள் எங்கே வேறுபடுகின்றனவோ அந்த எழுத்துக்களை மட்டும் பெரிதாக்கிக் கண்ணால் பார்ப்பது நல்லது.

கண்ணால் வடிவத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. 'வியாபார நேரம்' என்று பல கடைகளில் ஒட்டியிருக்கும். எளிய வடிவத்தில் அது 营业时间. மரபு வடிவத்தில் 營業時間. நான்கு எழுத்துக்களும் வேறு. இவற்றில் கடைசி எழுத்தின் கதவைப் பார்த்தாலே போதும். 門 என்று குறுக்குக் கோடுகளோடு முழுக் கதவாக இருந்தால் மரபு. 门 என்று வெறும் சட்டமாக இருந்தால் எளியது.

இரண்டு பட்டியலிலும் அகப்படாத எழுத்துக்களும் உண்டு. 1977 இறுதியில் சீன அரசு இரண்டாவது எளிமையாக்கத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அது மக்களிடம் நிலைக்கவில்லை, 1986இல் முறைப்படி மீளப் பெறப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் பழகிய கைகள் பழக்கத்தை விடவில்லை. கையால் எழுதிய கடைத் துண்டுகளில் 'கோழி முட்டை' 鸡旦 என்று வரும். முறையான எழுத்து 鸡蛋. அகராதியில் 旦 என்று தேடினால் 'விடியல்' என்று கிடைக்கும். முட்டை விலை எழுதிய தாளை ஒருவர் கோழியும் விடியலும் சேர்ந்த ஏதோ ஒன்றாக வாசிக்க நேரும். கையெழுத்து அறிவிப்பில் ஓர் எழுத்து பொருந்தாமல் நின்றால், ஒலியால் ஒத்த வேறு எழுத்துக்குப் பதிலாக அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சொல் புரிந்த பிறகு அடுத்த கேள்வி: இந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது? ஒரு படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற வாதத்தின் எடை எவ்வளவு என்பதை நாம் நன்றாகவே அறிவோம். 'மரபு வடிவம், ஆகவே தாய்வான்', 'எளிய வடிவம், ஆகவே சீனா' என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது.

சீனாவின் 2000ஆம் ஆண்டு மொழிச் சட்டமே கையால் எழுதிய கடைப் பெயர்ப்பலகைகளில் மரபு வடிவத்தை அனுமதிக்கிறது. மலேசியாவில் பாடசாலையில் எளிய வடிவம், ஆனால் பழைய கடைகளின் நெற்றியில் மரபு வடிவம். எனவே பெயர்ப்பலகையை நம்பாமல், கதவில் ஒட்டிய தாளைப் பாருங்கள். பலகை அழகுக்காக எழுதப்படுவது. தாள் அன்றாடத் தேவைக்கு எழுதப்படுவது, எழுதியவரின் பழக்கம் அதில்தான் தெரியும். அதிலும் ஒற்றை எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எளிய வடிவங்கள் பலவும் பழைய கையெழுத்துச் சுருக்கங்களில் இருந்தே எடுக்கப்பட்டவை. மரபு வடிவத்தில் படித்தவரும் அவசரத்தில் 點 என்பதை 点 என்று எழுதுவார்.

அச்சில் வரும் ஒரு தவறும் துப்புத் தரும். எளிய வடிவத்தில் 发 என்பது 'முடி', 'வெளியிடு' இரண்டுக்கும் பொது. மரபு வடிவத்தில் 'முடி' 髮, 'வெளியிடு' 發. சலூன் அறிவிப்பு மரபு வடிவத்தில் இருந்தும் 理髮 என்பதற்குப் பதில் 理發 என்று இருந்தால், அது பெரும்பாலும் எளிய வடிவத்தில் எழுதி இயந்திரத்தால் மாற்றப்பட்டது.

இப்போது ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். மூடிய ஷட்டரில் ஒரு தாள். 'சீனாவில் சென்ற வாரம் மூடப்பட்ட கடை' என்ற குறிப்போடு படம் வருகிறது. முதல் வரி: 本店今日休息. 'எமது கடைக்கு இன்று விடுமுறை.' இந்த ஆறு எழுத்துக்களும் இரண்டு வடிவங்களிலும் ஒன்றே. ஆகவே இந்த வரி இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அறிவிப்பில் இது மட்டும் இருந்தால், இடம் தெரியவில்லை என்று சொல்வதுதான் நேர்மை.

இரண்டாவது வரி: 營業時間, கீழே நேரங்கள். மரபு வடிவம். தாளில் இருப்பதால் இதற்குக் கொஞ்சம் எடை உண்டு. தாய்வான், ஹொங்கொங், மக்காவோ, அல்லது வெளிநாட்டுச் சீனக் கடை ஒன்று.

மூன்றாவது வரி: 113年5月6日 (週一). நடுவில் இருப்பது 'மாதம் 5, நாள் 6'. முன்னால் உள்ள 113 ஆண்டு. இது 1912ஐ முதலாம் ஆண்டாகக் கொண்ட குடியரசு ஆண்டுக் கணக்கு. இன்று அன்றாடம் வழங்குவது தாய்வானில். 1911ஐக் கூட்டினால் 2024 வரும். அடைப்புக்குள் 'திங்கட்கிழமை' என்று இருக்கிறது. நாட்காட்டியைப் புரட்டினால் 2024 மே 6 திங்கட்கிழமைதான். ஆண்டும் கிழமையும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

ஆக, தாள் சொல்வது தாய்வானை, சீனாவை அல்ல. நாள் 2024 மே 6, 'சென்ற வாரம்' அல்ல. கடை மூடியது ஒரு நாள் விடுமுறைக்காக. படத்தில் பொய் எதுவும் இல்லை. பொய் முழுவதும் கீழே எழுதியிருந்த குறிப்பில்தான் இருந்தது.