மின்தேக்கி நிரம்பும் வளைவு

மின்தடையும் மின்தேக்கியும் தொடராக இணைந்த சுற்றில் ஸ்விட்சைப் போட்டதும் மின்தேக்கியின் மின்னழுத்தம் உடனே எகிறிவிடுவதில்லை. மின்னூட்டம் சேரச் சேரத்தான் அது ஏறும். மின்னூட்டம் வந்து சேரும் வேகத்தைத் தடை கட்டுப்படுத்துகிறது.

10 வோல்ட் பேட்டரி, 20 கிலோ ஓம் தடை, காலியாக இருக்கும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சைப் போட்ட கணத்தில் மின்தேக்கியில் 0 வோல்ட். ஆகவே 10 வோல்ட்டும் தடையின் மீதே விழுகிறது, 0.5 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. மின்தேக்கி 4 வோல்ட்டுக்கு ஏறியபின் தடைக்கு மிஞ்சுவது 6 வோல்ட்தான், மின்னோட்டமும் 0.3 மில்லி ஆம்பியராகக் குறைந்துவிடும். இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் ஏற்றத்தின் வேகம். வளைவு முதலில் செங்குத்தாக எழுந்து போகப்போகச் சாய்வது இதனால்தான்.

இதன் சூத்திரம் v = V(1 − e^(−t/RC)). இதில் வரும் RC என்ற பெருக்கற்பலனே நேர மாறிலி. ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் விநாடி கிடைக்கும். இங்கே 20,000 × 0.0001 = 2 விநாடி. ஒவ்வொரு நேர மாறிலி கழியும்போதும் பாக்கியில் ஏறக்குறைய 37 சதவீதமே மிஞ்சும். எனவே 2 விநாடியில் 6.32 வோல்ட், 4 விநாடியில் 8.65, 6 விநாடியில் 9.50. ஐந்து நேர மாறிலிகள், அதாவது 10 விநாடி ஆனதும் 9.93. கணக்குப்படி 10 வோல்ட்டை அது எட்டுவதே இல்லை. நடைமுறையில் இதையே முழுதாக நிரம்பியதாகக் கொள்வார்கள்.

தேர்வில் இதை வரைய, முதலில் 10 வோல்ட்டில் கிடையாக ஒரு புள்ளிக்கோடு போட வேண்டும். அடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டை 2 விநாடியில் தொடுமாறு ஒரு சாய்கோடு. தொடக்க வேகம் V/RC, அதாவது விநாடிக்கு 5 வோல்ட். அதே வேகம் நீடித்திருந்தால் 2 விநாடியில் 10 வோல்ட் வந்திருக்கும். வளைவுக்குத் தொடக்கத்தில் இதுவே தொடுகோடு. இதை ஒட்டிக் கிளம்பி, உடனே கீழே விலகி, 6.32, 8.65, 9.50 ஆகிய புள்ளிகள் வழியே வளைவைக் கொண்டுபோனால் போதும்.

பலர் வளைவைத் தரையோடு தவழவிட்டுப் பிறகு மேலே ஏற்றுகிறார்கள். வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் பூஜ்ய வேகம் காட்டும் படம் அது. அச்சுகளில் எண்களைச் சரியாகக் குறித்திருந்தாலும் படம் தவறுதான். வளைவைப் புள்ளிக்கோட்டில் முட்டவிடுவதும், தாண்டவிடுவதும் பிழையே.

மின்தேக்கியில் முன்பே 4 வோல்ட் இருந்தால்? நேர மாறிலி மாறாது. பாக்கிதான் 6 வோல்ட்டாகிறது. வளைவு 4-இல் தொடங்கும். 2 விநாடியில் 4 + 0.632 × 6, அதாவது 7.79 வோல்ட். மனப்பாடமாக 6.32 என்று எழுதுபவர்கள் இந்தக் கேள்வியில்தான் சறுக்குகிறார்கள்.