பனைமரத்தடியில் ஒரு வாரப் பாடம்

வீட்டில் படிக்கும் ஒன்பது வயதுக் குழந்தையின் வாரத்தைக் கிழமைவாரியாகக் கட்டிப்போடாமல், வேளைகளாக எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நீண்ட நடை, ஒன்றரை மணி நேரம். அதே இடத்துக்கு அரை மணிக் குறுநடை இரண்டு. கணக்குக்கு நான்கு வேளை, மொழிக்கு நான்கு வேளை, ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிடம். எந்த வேளை எந்தக் கிழமையில் வரும் என்பதை மழையும் வெயிலும் வீட்டு வேலையும் முடிவு செய்யலாம்.

நகர்த்தக் கூடாதவை இரண்டே. பத்து நிமிட வாய்ப்பாடு தினமும் நடக்க வேண்டும். நடையில் பார்த்ததைக் குழந்தை அன்றைக்கே வாயால் சொல்ல வேண்டும், எழுதுவது மறுநாள்.

ஓர் ஏரிக்கரைப் பனையை எடுத்துக்கொள்வோம். மழையை ஒட்டிய மாதங்களில் அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். ஆண் குருவி பாதிவரை பின்னிய கூடு தலைக்கவசம்போல் இருக்கும். பெண் குருவிக்குப் பிடித்துவிட்டால்தான் அதற்குக் குழல்போன்ற நீண்ட வாசல் முளைக்கும். திங்கட்கிழமை நீண்ட நடையில் குழந்தை எண்ணியது 12 கூடுகள், அவற்றில் 4 பாதிக்கூடு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டில் நான்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மறுநாள் கணக்கு வேளையில் 12 புளியங்கொட்டைகளைப் பரப்பி, நான்கு நான்காகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பின்னம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். குறுநடையில் மீண்டும் எண்ணும்போது எண்ணிக்கை மாறியிருந்தால் இரண்டையும் கட்டத்தாளில் பட்டை வரைபடமாக வரையலாம்.

அடுத்தது பனையின் உயரம். அதற்கு வெயில் வேண்டும். செவ்வாய்க்கிழமை மேகம் மூடியிருந்தால் அளவையை வியாழனுக்குத் தள்ளிவிட்டு, அந்த வேளையைத் தமிழுக்குக் கொடுத்துவிடலாம். திட்டம் நெகிழ வேண்டியது இந்த மாதிரி இடத்தில்தான். வெயில் நாளில் காலை 9 மணிக்கே போய், ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டுவைத்துக் காத்திருக்க வேண்டும். குச்சியின் நிழலும் சரியாக ஒரு மீட்டர் ஆகும் நேரத்தில் பனையின் நிழல் நீளமே அதன் உயரம். உடனே நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். கயிற்றை எடுத்துப் பிரிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிடும். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் 14 முடிச்சும் 60 சென்டிமீட்டரும் வந்தால், மரம் 14 மீட்டர் 60, அதாவது 1,460 சென்டிமீட்டர். அந்த நேரம் தவறிப்போய்க் குச்சியின் நிழல் அரை மீட்டராகச் சுருங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை: பனையின் நிழலை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

விடை பிசகுவது பெரும்பாலும் தரையால். கரைச் சரிவில் இறங்கும் நிழல் நீண்டுவிடும். சமதரையில் விழும் நிழலே உதவும். ஆலமரத்துக்கும் இந்த முறை ஒத்துவராது. அதன் நிழல் நுனி மர உச்சியுடையதா, பக்கக் கிளையுடையதா என்று தெரியாது. நெட்டையாக நிற்கும் பனையும் தென்னையும்தான் ஏற்றவை.

மொழி வேளையில் பெரியவர்கள் செய்யும் தவறு, நோட்டையும் பென்சிலையும் நடைக்கே கொண்டுபோய்க் கட்டுரை கேட்பது. அப்போது குழந்தை குருவியைப் பார்க்காது, வரிகளை எண்ணும். நடையில் படம் மட்டும் வரையட்டும். வீடு திரும்பியதும் அது சொல்வதைப் பெரியவர் ஒருவர் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், திருத்தாமல். மறுநாள் அதிலிருந்தே ஐந்து வாக்கியங்களைச் சொல்வதெழுதலாகக் கொடுத்தால், ‘நிழல்’, ‘நீளம்’, ‘கூடுகள்’ என்று ழகர ளகரப் பயிற்சிக்குத் தனிப் பட்டியலே தேவைப்படாது. பிழையான சொற்களை மூன்றாவது மொழி வேளையில் மீண்டும் எழுதச் சொல்லலாம். நான்காவது வேளை கதைப் புத்தகத்துக்கு. அதில் குருவியே வர வேண்டியதில்லை.

ஏரிக்கரை எல்லாவற்றையும் தந்துவிடாது. வகுத்தல், கடன் வாங்கிக் கழித்தல் ஆகியவற்றுக்குப் போதுமான பயிற்சி நடையிலிருந்து வராது. நான்கு கணக்கு வேளைகளில் இரண்டைப் பாடப்புத்தகத்துக்கே விட வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதப்போகும் குழந்தைக்கு இது கட்டாயம். நடைக் கணக்கு மனத்தில் நின்றதா என்று பார்க்க, வார இறுதியில் பனையே இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும்: 15 இட்லியில் 5 தீர்ந்துவிட்டது, எத்தனையில் ஒரு பங்கு? அதற்குத் தடுமாறினால் அடுத்த வாரம் புதுப் பாடம் வேண்டாம். அதே பின்னம், அதே புளியங்கொட்டை.