ஆண்டுக்கு நான்கு நாள் தெரியும் முகம்

சோப்பு, டீத்தூள் போன்றவற்றின் அடையாளம் தினமும் நம் கண்ணில் படுகிறது. ஆண்டு மாநாட்டுக்கு அந்த வசதி இல்லை. நான்கு நாள் தெரிந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் மறைந்துவிடும். ஆகவே எது மாறக் கூடாது, எதை ஆண்டுதோறும் மாற்றலாம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

பார்சிலோனாவில் நடக்கும் கைபேசித் துறை மாநாடு இதற்கு நல்ல உதாரணம். இதை நடத்துவது ஜிஎஸ்எம்ஏ என்ற துறை அமைப்பு. பிரான்சின் கான் நகரில் நடந்துவந்த மாநாடு 2006இல் பார்சிலோனாவுக்கு வந்தபோது அதன் பெயர் '3ஜிஎஸ்எம் வேர்ல்டு காங்கிரஸ்'. மூன்றாம் தலைமுறைத் தொழில்நுட்பம் பெயரிலேயே ஒட்டியிருந்ததால், நான்காம் தலைமுறை வந்ததும் அது பழசாகிவிடும். 2008இல் 'மொபைல் வேர்ல்டு காங்கிரஸ்' என்றானது. துறையினர் அதை எம்.டபிள்யூ.சி. என்று சுருக்கிப் பேசினார்கள். 2019இல் அந்தச் சுருக்கமே அதிகாரப்பூர்வப் பெயராகி, நகரின் பெயர் பின்னால் சேர்ந்தது: எம்.டபிள்யூ.சி. பார்சிலோனா. ஷாங்காய், லாஸ் ஏஞ்சலஸ் மாநாடுகளும் அதே முறையில் பெயர் பெற்றன. முதல் பாதி எங்கும் ஒன்றுதான். ஊர் மட்டும் மாறும்.

ஆண்டுக்கு ஆண்டு மாறுவது கருப்பொருள். 2023இல் 'வெலாசிட்டி', 2024இல் 'ஃபியூச்சர் ஃபர்ஸ்ட்'. புதுமை வேண்டும் என்ற ஆசையை இந்த இடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் மேடையிலும் அழைப்பிதழிலும் கருப்பொருள் பெரிதாகவும் மாநாட்டின் பெயர் சிறிதாகவும் இருந்தால், மறு ஆண்டு அந்தச் சொல் போகும்போது சேர்த்துவைத்த அறிமுகமும் கூடவே போய்விடும்.

வடிவமைப்பாளர் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதிலிருந்தே கிடைக்கிறது. எழுத்து வடிவம், ஒரு முதன்மை நிறம், பெயர் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் நிலையானவை. துணை நிறங்களும் படங்களும் ஆண்டுக்கு ஒருமுறை மாறலாம். ஆண்டு எண்ணை லோகோவின் வரைவுக்குள் பின்னிவிடாமல் தனியாகப் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போது எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இணைய முகவரியிலும் ஆண்டு வரக் கூடாது. வந்தால் ஒவ்வொரு முறையும் புது முகவரி தொடங்க வேண்டியிருக்கும், பழைய இணைப்புகளின் பலன் கைவிட்டுப் போகும்.

இந்த முறை பலிக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளின் மேடைப் படங்களை எடுத்து, பெயரையும் ஆண்டையும் மறைத்துவிட்டு, மாநாட்டுக்கு வந்த ஒருவரிடம் காட்டுங்கள். மூன்றும் ஒரே மாநாடு என்று அவருக்குத் தெரியாவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்குகிறோம் என்று பொருள். எது எந்த ஆண்டு என்று அவரால் பிரிக்கவே முடியாவிட்டால், மாற வேண்டியதும் மாறாமல் கிடக்கிறது.